முதிர்வு தேதி வந்தது, பணம் வரவில்லை

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மன்னார்குடியிலிருந்து அத்தை போன் செய்தார்.

“ஏம்ப்பா, நேத்தோட டெபாசிட் முடிஞ்சிடுச்சு. இன்னைக்குப் போயி பாஸ்புக்குல என்ட்ரி போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஏறலை. என் பணம் எங்கப்பா போச்சு?”

அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. 2023 செப்டம்பர் 14 அன்று 5 லட்சம் ரூபாயை இரண்டு வருடத்துக்கு டெபாசிட் போட்டிருந்தார். மூத்த குடிமக்களுக்கான வட்டி 7.5 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்த்து, கடைசியில் மொத்தமாகத் தரும் வகை. முடிவில் 5,80,111 ரூபாய் வரும் என்று ரசீதிலேயே அச்சிட்டிருந்தது. மொட்டை மாடி ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் தளம் போட்டுவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு முன்பணம் தர வேண்டும்.

அத்தை கேட்டதுதான் சரியான கேள்வி. பணம் எங்கே போச்சு? பெரும்பாலும் எங்கும் போயிருக்காது. நாம் தேடுகிற இடம்தான் வேறு.

ஃபிக்ஸட் டெபாசிட் என்றால் ஒரு ரசீது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வங்கிக்கு அது தனியாக ஒரு கணக்கு. சேமிப்புக் கணக்குக்கு இருப்பதைப் போலவே அதற்கும் ஒரு கணக்கு எண் உண்டு, ரசீதின் மேல்பகுதியில் அச்சாகியிருக்கும். அந்தக் கணக்குக்கு வரவு செலவுப் பட்டியலும் உண்டு. முதல் வரியில் நீங்கள் போட்ட தொகை, நடுவில் வட்டி சேர்ந்த வரிகள், வரி பிடித்திருந்தால் அந்த வரி, கடைசியில் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற வரி. முதிர்வுத் தொகை வரவில்லை என்றால் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கை எத்தனை முறை அச்சடித்தாலும் ‘வரவில்லை’ என்பது மட்டும்தான் தெரியும். ஏன் வரவில்லை என்பது டெபாசிட் கணக்கின் கடைசி வரியில் இருக்கிறது. கவுன்ட்டரில் “என் எஃப்.டி. பணம் வரலை” என்று சொல்வதைவிட, “இந்த டெபாசிட் எண்ணோட ஸ்டேட்மென்ட் வேணும்” என்று கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். இணைய வங்கி உள்ளவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். டெபாசிட் பகுதிக்குள் போய் அந்த எண்ணைத் தொட்டால் பட்டியல் வரும்.

அத்தைக்கு இணைய வங்கி கிடையாது. நான் முதலில் காலண்டரைப் பார்த்தேன். 2025 செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை. முதிர்வு நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளில் பணம் தருவது வழக்கம். அதனால் நமக்கு நஷ்டம் இல்லை. இடைப்பட்ட விடுமுறை நாளுக்கும் பழைய வட்டி விகிதத்திலேயே வட்டி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியை முதலோடு சேர்க்கும் வகை டெபாசிட் என்றால் அந்த வட்டியை முதிர்வுத் தொகையின் மீதே கணக்கிட வேண்டும். அத்தையின் கணக்கில் ஒரு நாளுக்கு அது 119 ரூபாய். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டாலும் கிடைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் என்றால் திங்கட்கிழமை மாலைக்குள் பணம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. செவ்வாய் காலை பஸ் பிடித்தேன். கொத்தனாருக்கு அத்தை கையிலிருந்த பத்தாயிரத்தைக் கொடுத்துச் சமாளித்திருந்தார்.

கிளையில் டெபாசிட் பிரிவில் இருந்த பெண் அதிகாரிக்கு அத்தையைத் தெரியும். “உட்காருங்க டீச்சர்” என்று சொல்லி, ரசீதை வாங்கி, எண்ணைத் தட்டினார். திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. ஆனால் அவர் முகத்தில் ‘அட, இதுதானா’ என்ற நிம்மதி தெரிந்தது.

“டீச்சர், உங்க டெபாசிட் ரெனீவல் ஆயிருக்கு. 14-ஆம் தேதியே அஞ்சு லட்சத்து எண்பதாயிரத்து நூத்திப் பதினொண்ணுக்கு மறுபடி ரெண்டு வருஷத்துக்குப் போயிருக்கு.”

“நான் சொல்லவே இல்லையேம்மா!”

“சொல்லலைன்னாதான் டீச்சர் இது நடக்கும்.”

அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் இருக்கிறது. டெபாசிட் போடும் படிவத்தில் ‘முதிர்வின்போது என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பொதுவாக மூன்று வழிகள் தருவார்கள். முதலையும் வட்டியையும் சேர்த்து மறுபடி டெபாசிட்டாகப் போடுவது, முதலை மட்டும் மறுபடி போட்டு வட்டியைக் கணக்கில் சேர்ப்பது, இரண்டையும் கணக்கில் சேர்த்து டெபாசிட்டை முடித்துவிடுவது. கட்டத்தை நிரப்பாமல் விட்டால் பல வங்கிகளில் கணினி முதல் வழியை எடுத்துக்கொள்ளும். அத்தையிடம் படிவத்தைப் பற்றிக் கேட்டேன். “பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுத்தாங்க. குறி இருந்த இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன்” என்றார். நம் ஊரில் பாதி டெபாசிட் படிவங்கள் இப்படித்தான் நிரம்புகின்றன. இதில் கவுன்ட்டரில் இருப்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் வாய்விட்டுக் கேட்பதற்குப் பத்து விநாடி போதும். கேட்டிருக்கலாம்.

ரசீதை நான் வாங்கிப் பார்த்தேன். வலது பக்கக் கீழ் மூலையில், நாமினி விவரத்துக்கு மேலே, பொடி எழுத்தில் `Auto Renewal : Y` என்று இருந்தது. இரண்டு வருடமாக அது அத்தையின் பீரோவில்தான் இருந்திருக்கிறது. ரசீதில் நாம் தொகையையும் தேதியையும் பார்க்கிறோம், மூலையைப் பார்ப்பதில்லை. வங்கிக்கு வங்கி இந்த வரியின் இடமும் சொற்களும் மாறும். `Maturity Instruction` என்று ஒரு வரி இருந்தால் அதுவும் இதே விஷயம்தான்.

முதிர்வு நெருங்கும்போது தெரிவிக்க மாட்டார்களா என்று கேட்டேன். எஸ்.எம்.எஸ். போயிருக்கிறது. மாமாவின் எண்ணுக்கு. மாமா காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அவருடைய சிம் கார்டு மேசை டிராயரில் கிடக்கிறது.

இனி, தானாகப் புதுப்பித்துவிட்டால் என்ன இழப்பு என்று பார்ப்போம். பயந்த அளவுக்கு இல்லை என்பதே பதில். பழைய டெபாசிட் முழுக் காலமும் ஓடி முடிந்துவிட்டதால் அதன் வட்டி 80,111 ரூபாயை யாரும் குறைக்க முடியாது. புதிதாகத் தொடங்கிய டெபாசிட்டைத்தான் நாம் நடுவில் முடிக்கிறோம். சில வங்கிகள் புதுப்பித்த சில நாட்களுக்குள் கேட்டால் புதுப்பித்தலையே ரத்து செய்து பணத்தைத் தந்துவிடும். எத்தனை நாள் என்பது அந்தந்த வங்கியின் முடிவு. அப்படிச் சலுகை இல்லாவிட்டால் அது முன்கூட்டியே முடித்த டெபாசிட் ஆகும். ஏழு நாட்களுக்குக் குறைவாக ஓடிய டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அத்தை மூன்றாம் நாளே முடித்ததால் அந்த மூன்று நாட்களுக்கு வட்டி இல்லை, 5,80,111 ரூபாய் அப்படியே வந்தது.

இதையே மூன்று மாதம் கழித்துக் கவனித்திருந்தால்? அப்போது இரண்டு வருட வட்டி விகிதம் கிடைக்காது. பணம் உண்மையில் இருந்த 90 நாட்களுக்கு என்ன விகிதமோ அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அபராதமாக அரை அல்லது ஒரு சதவீதத்தைக் கழிப்பார்கள். 90 நாள் விகிதம் 5.5, அபராதம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் 4.5 சதவீதத்தில் சுமார் 6,437 ரூபாய் கிடைக்கும். நஷ்டம் என்று சொல்வதைவிடக் குறைந்த லாபம் என்று சொல்லலாம். ஆனால் முதலுக்குச் சேதம் இல்லை.

வலிக்கிற இடம் வேறு ஒன்று. கூட்டு டெபாசிட்டாக இருந்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில் போட்டிருந்தால், முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்து போதும். முதிர்வுக்கு முன்பே முடிப்பதற்கு, தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். தானாகப் புதுப்பித்த டெபாசிட்டை முடிப்பது முன்கூட்டியே முடிப்பதாகிவிடுகிறது அல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஒரு கையெழுத்தில் கிடைத்திருக்க வேண்டிய பணத்துக்குச் செவ்வாய்க்கிழமை இரண்டு கையெழுத்து தேவைப்படும். மகன் துபாயில் இருந்தால் அங்கே சிக்கல் தொடங்குகிறது. அத்தையின் டெபாசிட் அவர் பெயரில் மட்டும் இருந்தது, தப்பித்தார்.

இன்னொரு விஷயத்தையும் அங்கேயே கேட்டுக்கொண்டோம். கொத்தனாருக்கு உடனே வேண்டும், ரொக்கமாகவே தந்துவிடுங்கள் என்றார் அத்தை. தர மாட்டார்கள், தரக் கூடாது. 20,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள டெபாசிட்டைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், அல்லது அக்கவுன்ட் பேயீ காசோலையாகத் தர வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. ஆகவே பணம் போய்ச் சேர ஒரு கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். பணம் வராததற்கு இரண்டாவது பெரிய காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரின் அப்பாவுக்கு நடந்தது இது. அவர் கட்டத்தைச் சரியாகவே நிரப்பியிருந்தார்: டெபாசிட்டை முடித்துக் கணக்கில் சேர்க்கவும். ஆனால் படிவத்தில் எழுதிய சேமிப்புக் கணக்கை நடுவில் மூடிவிட்டார். வீடு மாறியபோது பக்கத்துக் கிளையில் புதுக் கணக்கு தொடங்கினார், பழையது எதற்கு என்று முடித்தார். டெபாசிட்டில் பழைய எண் அப்படியே இருந்தது. முதிர்வு நாளில் கணினி பணத்தை அனுப்பப் பார்க்கும், சேர்க்க வேண்டிய கணக்கு இல்லை என்றதும் நின்றுவிடும். டெபாசிட் முடிந்துவிட்டது, ஆனால் பணம் வெளியே போகவில்லை. வங்கிக்காரர்கள் இதை ஓவர்டியூ டெபாசிட் என்பார்கள். இணைய வங்கியில் பார்த்தால் `Matured` என்று காட்டும், `Closed` என்று காட்டாது. அந்தச் சொல் வேறுபாடு முக்கியம். முதலாவது, பணம் இன்னும் டெபாசிட் கணக்கில்தான் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, பணம் வெளியே போய்விட்டது என்று சொல்கிறது. போனது என்றால் எந்த எண்ணுக்கு என்று ஸ்டேட்மென்டில் பார்க்க வேண்டும்.

அவருடைய 3 லட்சம் அப்படியே எட்டு மாதம் கிடந்தது. கிடந்த காலத்துக்கு என்ன வட்டி? 2021 ஜூலை 2 அன்று ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு விதியை அறிவித்தது. முதிர்ந்தும் பெற்றுக்கொள்ளப்படாமல் வங்கியிலேயே இருக்கும் தொகைக்குச் சேமிப்புக் கணக்கு விகிதம், அல்லது அந்த டெபாசிட்டுக்கு ஒப்புக்கொண்ட விகிதம், இரண்டில் எது குறைவோ அது. சேமிப்பு வட்டி 2.5 சதவீதம் என்றால் எட்டு மாதத்துக்கு 5,000 ரூபாய். அதையே 6.5 சதவீதத்தில் டெபாசிட்டாக வைத்திருந்தால் 13,000 ரூபாய். தானாகப் புதுப்பித்தலைத் திட்டித் தீர்ப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பணம் உடனே தேவைப்படாத, மறதி உள்ள ஒருவருக்குப் புதுப்பித்தல் நல்லதுதான்.

கணக்கு மூடப்படாமல், வேறு விதமாக முடங்கியிருந்தாலும் இதே நிலை வரலாம். இரண்டு வருடத்துக்கு மேல் நாம் எதுவும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். கேஒய்சி ஆவணங்களைப் புதுப்பிக்காத கணக்கிலும் கட்டுப்பாடு விழும். பெரும்பாலும் இவற்றில் பணம் உள்ளே வரும், வெளியே எடுக்கத்தான் முடியாது. அப்படியென்றால் டெபாசிட் பணம் வந்து சேர்ந்திருக்கும், ஏ.டி.எம். மட்டும் தராது. பாஸ்புக்கில் வரவு இருக்கிறதா என்று பார்க்காமலேயே, ஏ.டி.எம்.மில் வரவில்லை என்பதை வைத்து “எஃப்.டி. பணம் வரலை” என்று வருபவர்கள் நிறைய என்று அந்த அதிகாரி சொன்னார். ஆதாரையும் பான் கார்டையும் கொண்டுபோய்க் கேஒய்சியைப் புதுப்பித்தால் இது தீரும்.

முதிர்வுத் தொகையை வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தால் அது நெஃப்ட் வழியாகப் போகும். நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் எல்லா நாளும், எல்லா நேரமும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தொகுப்பு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்ற சாக்கு அங்கே இல்லை. சேர்க்க முடியாத பணத்தை, அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி திருப்பி அனுப்ப வேண்டும். இந்த வகையில் கேட்க வேண்டியது யு.டி.ஆர். எண். அது இருந்தால் பணம் அனுப்பப்பட்டது, பெறும் வங்கியிடம் அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லலாம். அது இல்லையென்றால் பணம் இன்னும் புறப்படவே இல்லை. 2019, 2020-ஆம் ஆண்டுகளில் விஜயா, தேனா, சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத், லட்சுமி விலாஸ் என்று பல வங்கிகள் வேறு வங்கிகளோடு இணைந்தன. அவற்றின் கிளைகளுக்கு ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய எண்ணை எழுதிப் போட்ட நீண்ட கால டெபாசிட்டுகள் இன்னும் பலர் கையில் இருக்கின்றன. அவற்றை முதிர்வுக்கு முன்பே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து லியன். டெபாசிட்டை அடமானமாக வைத்துக் கடன் வாங்கியிருந்தால், அல்லது அதைக் காட்டிக் கிரெடிட் கார்டு எடுத்திருந்தால், டெபாசிட் மீது லியன் என்ற பூட்டு இருக்கும். கடன் முழுதும் அடைந்த பிறகும் சில சமயம் அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிடுவார்கள். திரையில் `Lien` என்ற வரியில் பூஜ்யம் இல்லாமல் தொகை இருந்தால் அதுதான் காரணம். கடன் முடிந்ததற்கான சான்றைக் காட்டி எடுக்கச் சொல்ல வேண்டும். நீதிமன்றம், வருமான வரித் துறை, சைபர் குற்றப் பிரிவு இவற்றின் உத்தரவால் விழும் பூட்டு வேறு வகை. அதைக் கிளை மேலாளர் தாமாக எடுக்க முடியாது. எந்த அலுவலகம், எந்த உத்தரவு எண் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். மேலாளரிடம் கத்திப் பயனில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு: இனிஷியல். பழைய டெபாசிட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். ஆதார் வந்த பிறகு திறந்த கணக்கில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது கணவர் பெயர் முழுதாக ஒட்டியிருக்கும். இருவரும் ஒருவரே என்று கணினிக்குத் தெரியாது. ஒரே ஆளுக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் விழுந்துவிடும். சேமிப்புக் கணக்கு ஓர் எண்ணிலும் டெபாசிட் இன்னோர் எண்ணிலும் இருந்தால் செல்போன் செயலியில் டெபாசிட் கண்ணிலேயே படாது. பணமே காணாமல் போய்விட்டது என்று வயிற்றைக் கலக்கும். சி.ஐ.எஃப். எண் என்று சொல்லப்படும் அந்த வாடிக்கையாளர் எண் ரசீதிலும் இருக்கும், பாஸ்புக்கின் முதல் பக்கத்திலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், இரண்டையும் இணைக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். பான் எண் ஒன்றில் மட்டும் பதிவாகியிருந்தால் மற்றதில் வட்டி வரம்பைத் தாண்டும்போது 10 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். இணைத்தால் அந்தத் தொல்லையும் போகும்.

வரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் வந்தது, ஆனால் ரசீதில் இருந்ததைவிடக் குறைவு என்றால் அது வேறு கதை, பெரும்பாலும் வரிப் பிடித்தம்தான். வட்டியைச் சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட்டில் பிடித்தம் கடைசியில் மட்டும் நடப்பதில்லை, ஒவ்வொரு நிதியாண்டும் சேர்ந்த வட்டியிலிருந்து நடக்கும். பிடித்த தொகை மட்டுமின்றி அதற்குப் பிறகு சேர்ந்திருக்க வேண்டிய வட்டியும் குறையும். 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 ரூபாயையும், மூத்த குடிமக்களுக்கு 1 லட்சத்தையும் தாண்டினால்தான் பிடித்தம்.

காரணம் தெரிந்துவிட்டது, அது வங்கியின் தவறு. அப்போது என்ன செய்வது? வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். ஒரு தாளில் டெபாசிட் எண், முதிர்வு தேதி, முதிர்வுத் தொகை, நீங்கள் முன்பு கொடுத்த அறிவுறுத்தல், சேர வேண்டிய கணக்கு எண் ஆகியவற்றை எழுதுங்கள். கீழே இரண்டு வரிகள்: “முதிர்வுத் தொகையைக் கணக்கில் சேர்க்கவும். முதிர்வு நாள் முதல் சேர்க்கும் நாள் வரை ஒப்புக்கொண்ட விகிதத்தில் வட்டி தரவும்.” நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கிளையில் சேமிப்பு விகிதம்தான் விதி என்பார்கள். அந்த விதி பெற்றுக்கொள்ளப்படாத டெபாசிட்டுக்கு. பணத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன், கணக்கும் உயிரோடு இருந்தது, பிறகு எப்படி அது பெற்றுக்கொள்ளப்படாததாகும் என்று கேளுங்கள். என் கணிப்பில் அது வலுவான வாதம். பக்கத்து மேசைக்காரரின் அப்பாவால் அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் கணக்கை மூடியவர் அவர்.

முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முத்திரை வாங்கிய நகல் அங்கேதான் கைகொடுக்கும். நீங்கள் முதலில் வங்கியிடம் போனீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இதுவரை சொன்னது எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும் வங்கிகளுக்கு. உங்கள் பணம் இருப்பது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த கூட்டுறவு வங்கி என்றால் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பயன் குறைவு. அங்கே டெபாசிட் காப்பீட்டுக் கழகம் 5 லட்சம் வரை, பொதுவாக 90 நாட்களுக்குள் தரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. தனியார் நிதி நிறுவனமாக இருந்து, முதிர்வு நாளில் பணம் தராமல் “இன்னும் மூணு மாசம் விடுங்க, வட்டி கூடத் தர்றோம்” என்று சொன்னால், அது மூலையில் உள்ள கட்டத்தை நிரப்பாத பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டில் அதற்கென்று 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. புகார் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. அங்கே மூன்று மாதம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மன்னார்குடிக்கு வருகிறேன். புதுப்பித்த டெபாசிட்டை முடிக்கச் சொல்லி அத்தை செவ்வாய்க்கிழமையே எழுதிக் கொடுத்தார். ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டார். செல்போன் எண்ணை மாற்றவும் ஒரு படிவம் தந்தார். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு 5,80,111 ரூபாய் சேமிப்புக் கணக்கில் ஏறியது, எஸ்.எம்.எஸ். அத்தையின் போனுக்கே வந்தது. தளத்துக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு 2 லட்சத்தை அன்றே மறுபடி ஒரு வருடத்துக்குப் போட்டார்.

இந்த முறை பென்சில் குறிக்காக அவர் காத்திருக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து படித்து, கட்டத்தில் தானே டிக் அடித்தார். ரசீது கைக்கு வந்ததும் மூலையில் `Auto Renewal : N` என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து டைரியின் கடைசிப் பக்கத்தில் முதிர்வு தேதியை எழுதினார்: 17-09-2026. பிறகு என் போனில் காலண்டரைத் திறக்கச் சொன்னார். வியாழக்கிழமை.